கொம்பு முன்னே, ம பின்னே

ஜூன் மாதத்தில் வருகைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டால் ஏதாவது ஒரு பெயருக்குப் பதில் வராது. பிள்ளை எதிரிலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வருடம் "மேகலா" என்று மூன்று முறை கூப்பிட்டேன். மூன்றாவது முறை பக்கத்து வீட்டுப் பையன் எழுந்து, "டீச்சர், அது அம்மு" என்றான். நாலே கால் வயது. பிறந்ததிலிருந்து எல்லோரும் அவளை அம்மு என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். மேகலா என்று ஒருத்தி இருக்கிறாள், அது தான்தான் என்பது அவளுக்குத் தெரியாது.

அவளுடைய உண்மையான பெயர் மேகலா இல்லை. அதே எழுத்துச் சிக்கல் உள்ள இன்னொரு பெயரை இங்கே வைத்துக்கொள்கிறேன். மேலூர்ப் பக்கம் பாலர் வகுப்பு எடுத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. பெயர் எழுதக் கற்றுக்கொடுப்பதில் நான் செய்த பிழைகளையும் பிறகு திருத்திக்கொண்டதையும் அந்த ஒரு பிள்ளையை வைத்துச் சொன்னால் தெளிவாக இருக்கும்.

எழுத்துக்கு முன்னால் காது. இரண்டு வாரம் அவளை "அம்மு மேகலா" என்றே கூப்பிட்டேன். தண்ணீர் கொடுக்க, வரிசையில் நிறுத்த, செருப்பை எடுத்து வைக்கச் சொல்ல, எல்லாவற்றுக்கும் இரண்டு பெயரும் சேர்ந்தே வந்தன. பிறகு மெதுவாக அம்முவை விட்டேன். தன் பெயர் என்று காதுக்குத் தெரியாத ஒன்றை அட்டையில் எழுதிக் காட்டினால் பிள்ளைக்கு அது வெறும் கோலம்தான்.

இதே இரண்டு வாரத்தில் பெற்றோரிடம் கேட்டு முடிக்க வேண்டிய வேலையும் ஒன்று உண்டு. தமிழில் பெயரை எப்படி எழுதுகிறார்கள்? ஒரு பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழில் ரித்திகா, அம்மா எழுதுவது ரிதிகா, காதணி விழா அழைப்பிதழில் தாத்தா போட்டது ரித்திக்கா. மூன்றையும் பார்த்த அந்தப் பிள்ளை எதையும் தன் பெயர் என்று ஒத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து சான்றிதழில் உள்ளதைப் பார்த்து, அம்மா அப்பா இருவரிடமும் சொல்லி, வீட்டிலும் அதையே எழுதுங்கள் என்று கேட்டுக்கொண்ட பிறகுதான் அட்டையைத் தொடுகிறேன். ஹரிணி, தர்ஷன், ஜெயஸ்ரீ போன்ற பெயர்களுக்கும் அப்படித்தான். ஹ, ஷ, ஸ்ரீ எல்லாம் பாடத்தில் எப்போது வந்தாலும் வரட்டும். அந்தப் பிள்ளைக்கு அவைதான் முதல் எழுத்துகள். வடமொழி எழுத்து கடினம் என்று ஹரிணியை அரிணி ஆக்க மாட்டேன். அது அவள் பெயர் இல்லை.

பெயர் அட்டை ஒரு சாண் நீளம், நாலு விரல் உயரம். எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே நிற அட்டை, ஒரே கறுப்பு மை. பூவோ பொம்மையோ ஒட்டுவதில்லை. காலையில் எல்லா அட்டைகளையும் பாயில் பரப்பி வைப்பேன். வருகிறவர்கள் தங்கள் அட்டையை எடுத்துச் சுவரில் கட்டிய கயிற்றில் துணிக் கிளிப்பால் மாட்ட வேண்டும். அதுதான் வருகைப் பதிவு.

மேகலா மூன்றாம் நாளே சட்டென்று எடுத்தாள். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தேன், அவள் அட்டையின் வலது மூலை மடங்கியிருந்தது. அவள் பார்த்தது அந்த மூலையை. புது அட்டை எழுதி வைத்த அன்று பாயின் நடுவில் நின்று திருதிருவென்று விழித்தாள். அன்றிலிருந்து யாராவது பெயரை அடையாளம் கண்டுகொண்டார்கள் என்று தோன்றினால் அன்று மாலையே அந்த அட்டையைப் புதிதாக எழுதி மாற்றிவிடுகிறேன். மறுநாளும் எடுத்தால் கண் எழுத்தின்மேல் விழுந்திருக்கிறது என்று அர்த்தம்.

அது தேறிய பிறகு அடுத்த சோதனை. மேகலா அட்டைக்குப் பக்கத்தில் மேனகா என்று ஓர் அட்டையை எழுதி வைத்தேன். அப்படி ஒரு பிள்ளை வகுப்பில் இல்லை. அவள் கைக்குக் கிடைத்ததை எடுத்தாள். ஒருநாள் அது, ஒருநாள் இது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று கேட்டேன். இரட்டைக் கொம்பைத் தொட்டு, "இந்தச் சுருட்டு" என்றாள். பெரும்பாலான பிள்ளைகள் முதலில் பிடித்துக்கொள்வது பெயரின் முதல் உருவத்தைத்தான். அடுத்து கடைசி. நடுவில் இருப்பது வெகுநாள் கழித்துத்தான் கண்ணில் படும். மேனகாவைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவே காரணம். இரண்டிலும் முதல் ஒன்று, கடைசி வேறு. ஒன்றில் நடுவில் நிற்கும் க இன்னொன்றில் காலோடு கடைசிக்குப் போய்விடுகிறது. பத்துப் பன்னிரண்டு நாள் இரண்டு அட்டைகளும் அருகருகே கிடந்தன. ஒருநாள் மேனகாவைக் கையில் எடுத்தவள், அதன் வால் பக்கத்தைப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வைக்காகத்தான் காத்திருந்தேன்.

இதோடு கூடவே கைதட்டல் நடக்கும். மே, க, லா, மூன்று தட்டு. ஆனால் மூன்றும் ஒரே அளவு இல்லை. கண் இமைக்கும் நேரம் அல்லது கை நொடிக்கும் நேரம் ஒரு மாத்திரை என்று இலக்கணத்தில் படித்திருக்கிறோம். குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. பெரிய வகுப்பில் மனப்பாடம் செய்யும் இந்தக் கணக்கு நாலு வயதில் கையில் நன்றாகவே வருகிறது. நெடிலுக்குத் தட்டிய கையைப் பிரித்து அகலமாக இழுப்போம், குறிலுக்கு ஒரு தட்டு, புள்ளி வைத்த எழுத்துக்குக் கையை மூடிக்கொள்வோம். மேகலாவுக்கு இழுப்பு, தட்டு, இழுப்பு.

கார்த்திக்குக்கு இது அவ்வளவு சுலபம் இல்லை. காதுக்குக் கார், திக் என்று இரண்டே துண்டு. அட்டையில் ஐந்து எழுத்து. கை மூடல் இல்லாவிட்டால் அந்தப் பிள்ளைக்கு ர், த், க் மூன்றும் எங்கிருந்து வந்தன என்றே புரியாது. அந்த எழுத்துகளை இர், இத், இக் என்று பெயர் சொல்லிக் கூட்டவிட்டால் "கா இர் இத் தி இக்" என்று படிக்கும். அது யார் பெயரும் இல்லை. அதனால் புள்ளி எழுத்துகளை இந்தக் கட்டத்தில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. வாயை எங்கே மூடுகிறோம், நாக்கு எங்கே ஒட்டுகிறது என்று மட்டும் காட்டுவேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். அட்டையைத் துண்டாக்கிக் கொடுத்து, பிள்ளையே பெயரை அடுக்கும் பயிற்சி ஒன்று உண்டு. மேகலா அட்டையைக் கத்தரித்தபோது கண்ணுக்குத் தெரிந்த உருவங்களை எல்லாம் தனித்தனியாக வெட்டினேன். இரட்டைக் கொம்பு, ம, க, ல, துணைக்கால், ஐந்து துண்டு. நுணுக்கமாகச் செய்ததாக எனக்கு நினைப்பு. அவள் உட்கார்ந்து வாய்க்குள் சொல்லிக்கொண்டே அடுக்கினாள். முதலில் ம. அதன் வலப்பக்கம் இரட்டைக் கொம்பு. பிறகு க, ல, துணைக்கால். எட்டிப் பார்த்தால் மகேலா என்று இருந்தது.

"இல்ல தாயி, கொம்பு முன்னாடி" என்று மாற்றி வைத்தேன். மறுநாளும் மகேலா. அதற்கு மறுநாளும் அதே. நாலாம் நாள் அவள் அடுக்கும்போது காதைக் கொடுத்துக் கேட்டேன். "ம்ம்ம்" என்று இழுத்து ம-வை வைத்தாள், "ஏஏஏ" என்று கொம்பை வைத்தாள். அவள் காதில் எந்தக் கோளாறும் இல்லை. ம் முதலில் ஒலிக்கிறது, ஏ பிறகு ஒலிக்கிறது. அதே வரிசையில் வைத்தாள். ஒலி பின்னால் வர, அடையாளம் முன்னால் நிற்கும் இடம் இது. கெ, கே, கை வரிசை முழுவதும் இப்படித்தான். கோமதி, சௌமியா போன்ற பெயர்களில் இன்னும் அதிகம். எழுத்தின் இரண்டு பக்கமும் ஆள் நிற்கும். இராமனுக்கும் தாராவுக்கும் இந்தத் தொல்லை கிடையாது, கால் ஒலிக்கிற வரிசையிலேயே பின்னால் வந்து நிற்கிறது.

மூன்று நாளாக நான் திருத்தியது அவள் சரியாகக் கேட்டதை. அது புரிந்தபோது மனம் மிகவும் சங்கடப்பட்டது. அன்று சாயங்காலம் புது அட்டை எழுதி மூன்றே துண்டாக வெட்டினேன். மே ஒரு துண்டு, க ஒரு துண்டு, லா ஒரு துண்டு. கொம்பையும் ம-வையும் சேர்த்துச் சுற்றிலும் ஒரு கட்டம் போட்டேன். கைதட்டலில் ஒரு தட்டு எதுவோ அதுதான் ஒரு துண்டு. தமிழில் எழுத்து என்று நாம் எண்ணுவதும் அதைத்தானே; மேகலா மூன்றெழுத்துப் பெயர் என்றுதான் சொல்கிறோம், ஐந்து உருவம் என்று யாரும் சொல்வதில்லை. அதற்குப் பிறகு எந்தப் பெயரிலும் கொம்பையும் காலையும் எழுத்திலிருந்து பிரித்து வெட்டியதில்லை.

இதற்குள் ஒன்று நடந்தது. அவள் அம்மா கைபேசியில் அவள் பெயரைத் தட்டிக் காட்டியிருக்கிறார். ம தட்டினால் ம வந்தது. அடுத்து இரட்டைக் கொம்பைத் தட்டியதும் அது ம-வுக்கு முன்னால் போய் நின்றது. மறுநாள் வந்ததும் வராததுமாக, "டீச்சர், கொம்பு ஓடிப்போய் முன்னாடி நின்னுக்கிச்சு" என்றாள். மூன்று நாள் நான் சொல்லியும் புரியாதது அவளுக்கு அந்த ஒரு நொடியில் புரிந்துவிட்டது. ஒலி முதலில் வருகிற ம-வை முதலில் தட்டியிருக்கிறார்கள். இடம் மாறியது கொம்பு. அவள் காதும் பொய்யாகவில்லை, அட்டையும் பொய்யாகவில்லை. இப்போது கொம்புப் பெயர் உள்ள பிள்ளைகளின் பெற்றோரிடம் ஒரு முறை கைபேசியில் இப்படித் தட்டிக் காட்டுங்கள் என்று நானே சொல்கிறேன்.

எழுதத் தொடங்கியது கார்த்திகை வாக்கில். பெயரைப் படிக்கத் தெரிந்த பிறகு எழுத வைக்க இரண்டு மூன்று மாதம் பொறுக்கலாம், ஒன்றும் கெட்டுப்போகாது. எந்த எழுத்திலிருந்து தொடங்குவது என்பதில்தான் வீட்டில் அவசரப்படுகிறார்கள். முதல் எழுத்து மே என்பதால் அதிலிருந்து தொடங்கி, சுழியிலேயே பிள்ளை அலுத்துப்போகிறது. நான் தொடங்கியது ம-வில். மேலிருந்து இறங்கு, தரையில் நட, ஏறு, வளைந்து உள்ளே இறங்கு. வளைவை மறந்தால் ப ஆகிவிடும். முதல் வாரம் முழுக்க அவளுக்குப் ப-தான் வந்தது. அடுத்து லா. க-வைத் தள்ளிப்போட்டேன், ஏனென்றால் க-வில் ஒரு கோட்டை இன்னொரு கோடு குறுக்கே கடக்க வேண்டும். பிள்ளைக்கு க வருமா என்று தெரிய, கூட்டல் குறி ஒன்று போட்டுக் காட்டி அதைப் பார்த்துப் போடச் சொல்வேன். இரண்டு கோடும் நடுவில் கடக்காமல் ஒட்டிக்கொண்டு நின்றால் க-வுக்கு இன்னும் நாள் இருக்கிறது. இரட்டைக் கொம்பு கடைசி.

அந்தக் கொம்பில் கீழே ஒரு சுழி, மேலே ஒரு சுழி. மேல்சுழி விட்டுப்போனால் மெகலா. பிள்ளைகள் மேல்சுழியைத்தான் விடுவார்கள். ஒரு காலத்தில் எல்லோருமே விட்டார்கள் என்பது எனக்குப் பிடித்த செய்தி. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே கொம்புதான் இருந்தது. குறிலுக்குப் புள்ளி வைக்க வேண்டும் என்பது பழைய விதி. 18-ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடிலுக்கு மேலே ஒரு சுழி கொடுத்துப் பிரித்தார் என்று படித்திருக்கிறேன். இழுத்துச் சொல்கிற எழுத்துக்கு ஒரு சுழி கூடுதல் என்று கைதட்டலோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகள் பிடித்துக்கொள்கிறார்கள். கையை அகலமாக இழுத்தோமே, அந்த இழுப்புக்கு மேல்சுழி.

புள்ளிக் கோட்டின்மேல் எழுத வைக்கும் பழக்கத்தை நான் விட்டுவிட்டேன். எழுதி முடித்ததைப் பார்த்தால் அழகாக இருக்கும். ஆனால் பிள்ளை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். கீழிருந்து மேலே இழுக்கும், நடுவில் தொடங்கும், பாதியில் கையை எடுத்து மறுமுனையிலிருந்து வரும். புள்ளிகளைச் சேர்ப்பது வேறு வேலை, எழுதுவது வேறு வேலை. அதற்குப் பதிலாகச் சிலேட்டில் நான் பெரிதாக எழுதுவேன், பிள்ளை என் பக்கத்தில் என்னோடு ஒரே திசையில் உட்கார்ந்து பார்க்கும். எதிரே உட்கார்ந்தால் எழுத்து தலைகீழாகத் தெரியும். பிறகு சுட்டுவிரலைத் தண்ணீரில் தொட்டு, நான் எழுதிய கோட்டின்மேலேயே ஓட்டி அழிக்க வேண்டும். எங்கே தொடங்கி எங்கே போனது என்பது ஈரத்தில் தெரியும், எனக்கும் தெரியும். ஈரம் காய்வதற்குள் அதே தடத்தில் பல்பத்தால் எழுத வேண்டும். பல்பத்தை ஓர் அங்குலத் துண்டாக ஒடித்துக் கொடுப்பேன். நீளமாக இருந்தால் கைக்குள் வைத்து இறுக்கிக்கொள்கிறார்கள். துண்டாக இருந்தால் கட்டைவிரலும் மற்ற இரண்டு விரலும் தாமாகவே பிடித்துக்கொள்ளும். அது வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

ஒரு நாளைக்கு மூன்று முறை போதும். மார்கழியில் ஒருநாள் அவள் அம்மா நோட்டு ஒன்றைக் காட்டி, "வீட்டுல பத்துத் தடவை எழுத வச்சேன் டீச்சர்" என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் பத்து வரியிலும் மேகலா. கிட்டப் பார்த்தால் கொம்புகள் மேலிருந்து கீழாக ஒரே சாய்வில் இருந்தன, ம எல்லாம் வேறு அழுத்தத்தில் இன்னொரு வரிசையில். எப்படி எழுதினாய் என்று கேட்டேன். பத்துக் கொம்பை முதலில் கீழ்நோக்கி எழுதியிருக்கிறாள், பிறகு பத்து ம, பிறகு பத்து க. அவள் சாமர்த்தியசாலி; வேலையை முடிக்க வழி கண்டுபிடித்தாள். ஆனால் அந்தப் பக்கத்தில் ஒரு முறைகூட அவள் தன் பெயரை எழுதவில்லை, நான் சேர்த்து வைத்த மே மறுபடி பிரிந்துவிட்டது. "பத்து வேண்டாம்மா, ஒண்ணு போதும். வாயால சொல்லிக்கிட்டே எழுதட்டும்" என்றேன்.

எழுத்து பிரிந்துபோவதைக் காட்டும் இன்னொரு இடம் தாளின் ஓரம். பிள்ளைகள் பெரிதாக எழுதுவார்கள், இடம் தீர்ந்துவிடும். மேகல என்று முடித்துவிட்டுத் துணைக்காலை அடுத்த வரியின் தொடக்கத்தில் தனியாக நிறுத்தினாள். அதைத் திருத்த நான் பல்பத்தைத் தொடுவதில்லை. "லா எங்கே இருக்கு, காட்டு" என்று மட்டும் கேட்பேன். அவள் ல-வைத் தொட்டாள், பிறகு கீழே காலைத் தொட்டாள், ஒரு விரலால் இரண்டையும் தொட முடியவில்லை. தானே அழித்து லா முழுவதையும் கீழே கொண்டுபோனாள். காலை எழுதும்போது சிலசமயம் அடியில் சாய்வாக ஓர் இழுப்பு விட்டு ர ஆக்கிவிடுவாள், லா லர ஆகிவிடும். தாரா என்ற பெயருள்ள பிள்ளைக்கு இது தினசரிப் போராட்டம். கால், ர, கால் என்று மூன்று ஒரே சாயல் உருவங்கள் வரிசையாக நிற்கின்றன.

வீட்டில் பாட்டி கற்றுக்கொடுத்தால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அருணா என்ற பெயருள்ள பிள்ளை ஒரு வருடம் ணா-வைக் காலே இல்லாமல், அடியில் சுழித்து ஒரே உருவமாக எழுதிக்கொண்டு வந்தாள். அது பாட்டி பள்ளியில் படித்த ணா. 1978-இல் அரசாணையால் எழுத்துச் சீர்திருத்தம் வரும்வரை ணா, றா, னா, லை, ணை முதலான எழுத்துகள் அச்சிலும் அப்படித்தான் இருந்தன. பாட்டி தப்பாக எழுதுகிறார் என்று பிள்ளையிடம் சொல்லவே கூடாது, தப்பும் இல்லை. பாட்டியை நேரில் பார்த்து, பிள்ளைக்கு இப்போதைக்கு ஒரே வடிவம் போதும், பெரியவளானதும் உங்கள் ணா-வையும் காட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். சிரித்துக்கொண்டே ஒத்துக்கொண்டார்.

தை முடிந்து மாசியில் மேகலா பார்க்காமல் எழுதினாள். கோணல்தான், க கொஞ்சம் படுத்துக்கொண்டிருந்தது, ஆனால் கொம்பில் இரண்டு சுழியும் இருந்தன. அட்டையைக் கயிற்றில் மாட்டப்போனவள் திரும்பி வந்து என் மடியில் அதை வைத்தாள். உள்ளங்கையால் இடப்பக்கத்தை மூடிக்கொண்டு, "டீச்சர், இப்பப் படிங்க" என்றாள்.

"கலா" என்றேன்.

"எங்க அத்தை பேரு!"

கையை எடுத்தாள், மேகலா. மூடினாள், கலா. நான் அவள் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறையும் கொம்பும் ம-வும் ஒன்றாகவே மறைந்தன, ஒன்றாகவே வெளியே வந்தன.